காதணி விழாவுக்கு ஒரு லட்சம் எதிர்பார்க்கிறார்கள், மனம் கோணாமல் எப்படி மறுப்பது?

சின்னவன் | 27 ஜூலை 2024, இரவு 9.40

பெரியப்பா மகன் வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து ஆவணியில் காதணி விழா. பத்திரிகை இன்னும் அடிக்கவில்லை. அண்ணி போனில் என் மனைவியிடம், "தம்பி ஒண்ணாவது செய்வாருல்ல" என்று கேட்டிருக்கிறார். ஒண்ணு என்றால் ஒரு லட்சம். என்னால் முப்பதுக்கு மேல் முடியாது. இழுத்துப் பிடித்தால் முப்பத்தைந்து. அதற்கு மேல் கடன் வாங்கித்தான் செய்ய வேண்டும். அண்ணன் மேல் எந்தக் கோபமும் இல்லை, உறவு கெடக்கூடாது. எப்படிச் சொல்வது?

---

ஊர்க்குருவி | 27 ஜூலை, இரவு 10.05

இதுக்கு எதுக்கு இவ்வளவு யோசனை. அன்னைக்கு ஆபீஸ்ல லீவு இல்லன்னு சொல்லிட்டு ஜிபேல முப்பது அனுப்பி விடுங்க. நேர்ல போனாத்தான் மைக்கு, சபை எல்லாம்.

---

அரசி அக்கா | 27 ஜூலை, இரவு 10.31

குருவி, பங்காளி வீட்டு விசேஷத்துக்குப் போகாமல் பணம் மட்டும் அனுப்பினால் முப்பது இல்லை, மூன்று லட்சம் அனுப்பினாலும் வருத்தம்தான். தொகை குறைந்ததை ஆறு மாதத்தில் மறந்துவிடுவார்கள். வராததைப் பேரன் காலம் வரை சொல்வார்கள். மறுக்கப்போவது பணத்தைத்தான். ஆள் அன்றைக்கு முதல் ஆளாக அங்கே நிற்க வேண்டும்.

---

மொய்க்கணக்கர் | 28 ஜூலை, காலை 6.50

சின்னவன், சொல்வது எப்படி என்பதற்கு முன்னால், எவ்வளவை மறுக்கிறீர்கள் என்று தெரிய வேண்டும். ஒரு லட்சம் முழுவதும் புது மொய் இல்லை. அதில் ஒரு பங்கு நீங்கள் திருப்பிச் செய்ய வேண்டிய பழைய மொய்யாக இருக்கும். பழையதை மறுத்தால் எவ்வளவு இனிக்கப் பேசினாலும் மனம் கோணும், ஏனென்றால் அது அவருடைய பணம். புதியதை மறுத்தால் கொஞ்சம் வருத்தம் வரும், போய்விடும். பலர் இரண்டையும் பிரிக்காமல் "என்னால் முடியாது" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். கேட்பவர் காதில் அது "நீ செய்ததைத் திருப்ப மாட்டேன்" என்று விழுகிறது. சண்டை அங்கேதான் தொடங்கும்.

உங்கள் கல்யாண மொய் நோட்டை எடுங்கள். அண்ணன் பெயரில் என்ன எழுதியிருக்கிறது? பெரியப்பா பெயரிலும் பாருங்கள். நகை ஏதாவது போட்டாரா? அதற்குப் பிறகு அவர் வீட்டு விசேஷத்துக்கு நீங்கள் என்ன செய்தீர்கள்? இந்த நான்கையும் சொல்லுங்கள்.

---

சின்னவன் | 28 ஜூலை, காலை 11.15

நோட்டு கிடைத்தது. 2015 கல்யாணத்தில் அண்ணன் பெயரில் 10,001. பெரியப்பா அப்போது இல்லை, இறந்துவிட்டார். 2019இல் அவர் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு நான் 5,001 எழுதினேன். பெரிய பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்கு ஒரு கவரில் 2,000 வைத்துக் கொடுத்தோம். நகை என்று நோட்டில் எதுவும் இல்லை. ஆனால் மனைவி சொல்கிறாள், கல்யாண மேடையில் அண்ணன் எனக்கு அரைப் பவுன் மோதிரம் போட்டாராம். அது இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது.

---

மொய்க்கணக்கர் | 28 ஜூலை, மதியம் 1.20

உங்கள் வீட்டம்மா சொன்ன அந்த மோதிரத்தில்தான் முழு விஷயமும் இருக்கிறது. மேடையில் போட்ட நகை பெரும்பாலும் நோட்டில் ஏறாது, மொய் எழுதுகிறவர் கீழே மேசையில் உட்கார்ந்திருப்பார். போட்டவர் வீட்டில் மட்டும் அது மறக்காது. அண்ணி "ஒண்ணாவது" என்று சொன்னபோது அவர் மனதில் 10,001 இருந்திருக்காது, அந்த மோதிரம் இருந்திருக்கும்.

பணத்தில் 10,001 வாங்கி 5,001 திருப்பியிருக்கிறீர்கள். பாக்கி 5,000. பிறந்தநாள் கவரைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது பிள்ளைக்குக் கொடுத்தது, மொய்யில் கழிக்கிறேன் என்றால் சிரிப்பார்கள்.

தங்கத்தில் பாக்கி 4 கிராம். 2015இல் கிராம் சுமார் 2,500, அதனால் மோதிரம் பத்தாயிரம் என்று போடக்கூடாது. தங்கம் தங்கமாகத்தான் திரும்பும், எடைக்கு எடை. பட்ஜெட்டில் சுங்க வரியை 15இலிருந்து 6 சதவீதமாகக் குறைத்ததால் இந்த வாரம் விலை இறங்கியிருக்கிறது, கிராம் 6,500 என்று வைத்துக்கொள்வோம். நான்கு கிராம் 26,000. சேதாரமும் செய்கூலியும் எட்டு சதவீதம், அதன் மேல் 3 சதவீத ஜிஎஸ்டி என்றால் 29,000 பக்கம் வரும்.

ஆக நீங்கள் திருப்ப வேண்டியது சுமார் 34,000. அவர்கள் எதிர்பார்ப்பது ஒரு லட்சம். நடுவில் இருக்கும் அறுபத்தாறாயிரம்தான் புது மொய். மறுக்க வேண்டியது அதை மட்டும். உங்கள் கையில் இருக்கும் முப்பத்தைந்து, பழையதை அடைக்கச் சரியாக இருக்கிறது.

---

தோட்டத்துப் பிள்ளை | 28 ஜூலை, மதியம் 2.10

தாய்மாமன் ஒரு லட்சத்துக்குக் குறைஞ்சு செஞ்சா சபையில மரியாதை இருக்குமா? ரெண்டு பிள்ளைக்கும் தோடு, பட்டு, மாலை, சீர்த்தட்டு எல்லாம் மாமன் பொறுப்பு. எங்க அக்கா மகளுக்கு நான் செய்யப்போறதே ஒண்ணரை தாண்டும். எப்படிக் குறைக்கிறதுன்னு எனக்கும் சொல்லுங்க.

---

அரசி அக்கா | 28 ஜூலை, மதியம் 2.45

பிள்ளை, அவர் தாய்மாமன் இல்லை. பிள்ளைகளுக்குச் சித்தப்பா. மாமன் சீருக்கும் பங்காளி மொய்க்கும் கணக்கே வேறு.

ஆனால் நீங்கள் சொன்னதில் சின்னவனுக்கு ஒரு செய்தி இருக்கிறது. தோடு மாமனுடையது. தங்கம் திருப்ப வேண்டும் என்றதும் "காதணி விழாதானே, தோடாகவே வாங்கிவிடலாம்" என்று போய்விடாதீர்கள். சித்தப்பா தோடு கொண்டுவந்தால் அண்ணியின் தம்பிகளுக்கு அது இடைஞ்சல். நல்லது செய்யப்போய் புதிதாக ஒரு வருத்தம் முளைக்கும். மோதிரமாக வாங்குங்கள்.

---

மொய்க்கணக்கர் | 28 ஜூலை, மாலை 4.00

அக்கா சொன்னது சரி. பிள்ளைகள் இரண்டு பேர், அதனால் இரண்டு கிராமில் இரண்டு மோதிரம். எடை நான்கு திரும்பிவிட்டது, இரண்டு பிள்ளைக்கும் செய்தது போலவும் ஆயிற்று. கல் வைத்தது வேண்டாம். கல்லின் எடையைக் கழித்தால் தங்கம் குறைந்துவிடும், பிறகு யாராவது கடையில் நிறுத்துப் பார்த்தால் பேச்சு வரும்.

---

கீரமங்கலத்தான் | 28 ஜூலை, இரவு 8.30

எங்கள் பக்கம் இந்தக் குழப்பம் கிடையாது. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து என்றே வைப்போம். கறிச்சோறு சாப்பிடுகிறோம், நோட்டைப் பார்த்துப் பழையதை எழுதுகிறோம், மேலே வைப்பது புதுசு. பாசம் வேறு, பணம் வேறு. மேலே வைக்க இஷ்டம் இல்லாதவன் வாங்கியதை அப்படியே எழுதிவிட்டுப் போவான். கணக்கு முடிந்தது, யாரும் முகம் சுளிப்பதில்லை. சின்னவனும் 5,000ஐத் திருப்பிவிட்டு மோதிரத்தையும் போட்டுவிட்டு நிம்மதியாக வரலாம். தனியாகப் போய் எதற்குச் சொல்ல வேண்டும்?

---

மொய்க்கணக்கர் | 28 ஜூலை, இரவு 9.10

மொய் விருந்தில் அது சரி. அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் கொடுக்கல் வாங்கலுக்காக வருகிறவர்கள். கணக்கை முடித்தால் மொய்யோடு முடிந்தது. பங்காளி வீட்டுக் காதணியில் வாங்கியதை ரூபாய் பிசகாமல் திருப்பினால் "இனி நமக்குள் ஒன்றும் இல்லை" என்று அர்த்தம் எடுப்பார்கள். கோபத்தில் இருப்பவர்கள் வேண்டுமென்றே அப்படி எழுதுவது உண்டு, அதனால்தான் அந்த அர்த்தம். ஒரு ஆயிரமாவது மேலே இருக்க வேண்டும். பாக்கி 5,000 என்றால் 6,001 எழுதுங்கள். கணக்கு திறந்தே இருக்கிறது என்று அந்த ஆயிரம் சொல்லும். மோதிரம் 29,000, மொய் 6,001, மொத்தம் 35,000.

ஏன் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று கேட்டீர்கள். சபையில் 6,001 என்று வாசிக்கும்போதுதான் அண்ணனுக்கு முதன்முதலாகத் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஒரு லட்சத்தை நம்பிச் சமையல்காரருக்கு முன்பணம் கொடுத்திருப்பார், பந்தல்காரரிடம் மீதியை விசேஷம் முடிந்த மறுநாள் தருவதாகச் சொல்லியிருப்பார். மொய்ப்பணத்தில்தான் பாதிப் பேர் மீதியை அடைக்கிறார்கள். அன்று இரவு ரொக்கத்தில் தொண்ணூறாயிரத்துக்கு மேல் குறைந்தால் அவர் அலைய வேண்டும். அந்த அலைச்சலைத்தான் ஆயுளுக்கும் மறக்க மாட்டார். பத்திரிகை அடிக்கும் முன்பே தெரிந்தால் இலையில் நூறு குறைப்பார், மண்டபத்தை மாற்றுவார், சரியாகிவிடும்.

---

ஊர்க்குருவி | 29 ஜூலை, காலை 8.20

இன்னொரு வழி. ஐம்பதாயிரத்துக்கு மேல மொய் வாங்கினா வருமான வரின்னு சட்டம் இருக்கு. "அண்ணே, அதிகம் எழுதினா உங்களுக்குத்தான் சிக்கல்"னு சொல்லிடலாமே?

---

மொய்க்கணக்கர் | 29 ஜூலை, காலை 9.45

சட்டத்தில் அப்படி இருப்பது உண்மை. கல்யாணத்துக்கு வரும் அன்பளிப்புக்கு வரி இல்லை, காதணிக்கு அந்தச் சலுகை கிடையாது. கூடப் பிறந்தவர்கள் கொடுத்தால் விலக்கு உண்டு, பெரியப்பா மகன் சித்தப்பா மகன் அந்தப் பட்டியலில் வரவில்லை. ஆனால் ஐம்பதாயிரம் என்பது ஒரு ஆள் கொடுப்பது இல்லை. பட்டியலில் இல்லாதவர்கள் எல்லாரும் ஒரு நிதியாண்டில் கொடுத்ததன் கூட்டுத்தொகை. ஊரே எழுதும் மொய்யில் உங்கள் பணம் மட்டும் அவருக்குச் சிக்கல் தராது. இதைச் சொன்னால் அவர் மொய் வாங்குவதையே தப்பு என்று சொல்வது போல ஆகும். வேண்டாம்.

---

சின்னவன் | 29 ஜூலை, இரவு 9.05

கணக்கு தெளிவாகிவிட்டது, நன்றி. இனி சொல்லும் விதம். மனைவி அண்ணியிடமே பதில் சொல்லிவிடட்டுமா? கேள்வி அந்த வழியாகத்தானே வந்தது. "இந்த வருஷம் கையைக் கடிக்குது, கடன் இருக்கு" என்று சொன்னால் போதுமா?

---

அரசி அக்கா | 29 ஜூலை, இரவு 9.50

மனைவி வழியாக வேண்டவே வேண்டாம். உங்கள் வீட்டிலிருந்து அண்ணிக்கு, அண்ணியிடமிருந்து அண்ணனுக்கு, அங்கிருந்து அத்தைக்கு என்று போகும்போது "முப்பத்தைந்து செய்கிறோம்" என்பது "அவள் தடுத்துவிட்டாள்" என்று மாறிவிடும். பழி உங்கள் மனைவி தலையில் விழும். உங்களை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நீங்கள் அண்ணனிடம் நேரில், தனியாகச் சொல்லுங்கள். முடியாவிட்டால் போனில். வாட்ஸப்பில் எழுதாதீர்கள், அது அப்படியே ஐந்து பேருக்குப் போகும்.

கடன் கதையும் வேண்டாம். ஒன்று, அடுத்த மாதம் நீங்கள் ஒரு வண்டி வாங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். இன்னொன்று, பணம் இல்லை என்றால் அவர்கள் அதற்கு வழி சொல்வார்கள். "நான் தர்றேன், நீ சபையில வை, அப்புறம் பாத்துக்கலாம்" என்பார் அண்ணன். அப்போது என்ன பதில் சொல்வீர்கள்?

---

தோட்டத்துப் பிள்ளை | 29 ஜூலை, இரவு 10.15

அதுல என்ன தப்பு? அவர் காசு அவருக்கே போவுது, உங்க பேரும் நிக்குது. ரெண்டு பேருக்கும் லாபந்தானே.

---

மொய்க்கணக்கர் | 30 ஜூலை, காலை 7.00

பிள்ளை, வீட்டுக்காரர்கள் கையில் திணிக்கும் பணத்தை மைக்கில் வாசிக்க வைப்பது நிறைய நடக்கிறது. காரணமும் புரிகிறது. அண்ணியின் தம்பிகள் பெரிதாகச் செய்வார்கள். அந்தச் சபையில் தன் பங்காளி பக்கம் தாழ்ந்துபோகக் கூடாது என்று அண்ணன் நினைக்கிறார். ஒரு லட்சம் கேட்பதில் பாதி இதற்காகவே இருக்கும்.

ஆனால் நோட்டில் ஏறிவிட்டால் அது எழுத்து. பத்து வருடம் கழித்து சின்னவன் வீட்டு விசேஷத்தில் அண்ணன் மகன் அந்த நோட்டைத் திறந்து பார்த்து ஒரு லட்சம் திருப்ப வேண்டும் என்று நினைப்பான். உள்ளே நடந்தது அவனுக்குத் தெரியாது. அண்ணன் சொன்னால் ஒரு பேச்சு, சொல்லாமல் போனால் வேறு பேச்சு. அதோடு சபையில் ஒரு லட்சம் என்று கேட்ட மற்ற பங்காளிகள் அடுத்த விசேஷத்தில் சின்னவனிடம் அதே அளவை எதிர்பார்ப்பார்கள். ஒரு வீட்டில் தப்பித்து நான்கு வீட்டில் மாட்டுவது.

கடன் வாங்கிச் செய்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கூடுதலான 65,000ஐ இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கினால் மாதம் 1,300. மொய் திரும்ப வர உங்கள் வீட்டில் விசேஷம் வர வேண்டும். அடுத்து எப்போது?

---

சின்னவன் | 30 ஜூலை, காலை 8.10

ஒரே மகள், ஆறு வயது. காது குத்தியாகிவிட்டது. இனி அவள் பெரியவளானால்தான், ஆறு வருடமாவது ஆகும்.

---

மொய்க்கணக்கர் | 30 ஜூலை, காலை 8.25

ஆறு வருடத்துக்கு வட்டி மட்டும் 93,600. மொய்யாகத் திரும்பி வருவது 65,000. அண்ணனிடம் இதைச் சொல்ல வேண்டாம், உங்கள் மனம் தளரும்போது நீங்கள் நினைத்துக்கொள்ள.

---

அரசி அக்கா | 30 ஜூலை, காலை 10.40

சொல்ல வேண்டியதை நான் எழுதிப் பார்த்தேன். வரிசைதான் முக்கியம். மோதிரம் முதலில், தொகை அடுத்து, மறுப்பு கடைசியில், சின்னதாக.

"அண்ணே, ரெண்டு புள்ளைகளுக்கும் மோதிரம் நான் போடுறேன், ரெண்டு ரெண்டு கிராம். என் கல்யாணத்துல நீங்க போட்டது இன்னும் வீட்ல இருக்கு. மொய் ஆறாயிரத்தி ஒண்ணு எழுதுறேன். அதுக்கு மேல என்னைக் கணக்குல வச்சுக்காதீங்க, இப்பவே சொன்னாத்தான் உங்களுக்கு ஏற்பாடு பண்ண வசதியா இருக்கும். முதல் நாளே நாங்க வந்துர்றோம்."

இவ்வளவுதான். காரணம் சொல்லாதீர்கள். காரணம் சொன்னால் அதை உடைக்க அவர் ஒரு வழி தேடுவார். "பார்க்கிறேன்", "முடிஞ்சதைச் செய்யறேன்" என்ற வார்த்தைகள் வாயில் வரவே கூடாது. அவர் காதில் அது ஒரு லட்சத்துக்குச் சம்மதம். தொகையைச் சொல்லிவிட வேண்டும்.

"நான் எங்கடா கேட்டேன்?" என்று அண்ணன் சொல்லக்கூடும். அண்ணி கேட்டது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். "அண்ணி கேட்டாங்க" என்று போட்டுக்கொடுக்காதீர்கள். "நீங்க கேக்கலண்ணே, நானாத்தான் சொல்றேன்" என்று விட்டுவிடுங்கள்.

---

கீரமங்கலத்தான் | 30 ஜூலை, மதியம் 12.30

பழைய மோதிரத்தை ஞாபகப்படுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. "நீ போட்டதைத் திருப்புகிறேன்" என்று முகத்துக்கு நேராகச் சொல்வது போல இருக்கிறது. கணக்குப் பார்ப்பது நோட்டோடு இருக்கட்டும், வாயில் எதற்கு?

---

அரசி அக்கா | 30 ஜூலை, மதியம் 1.05

கணக்காகச் சொல்லவில்லை. "இன்னும் வீட்ல இருக்கு" என்றால் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று பொருள். அதை அடகு வைத்திருந்தாலோ விற்றிருந்தாலோ நான் இப்படிச் சொல்லச் சொல்ல மாட்டேன். ஆனாலும் அண்ணன் எப்படிப்பட்டவர் என்று சின்னவனுக்குத்தான் தெரியும். சட்டென்று குத்தலாக எடுத்துக்கொள்பவர் என்றால் அந்த வரியை எடுத்துவிடட்டும்.

---

மொய்க்கணக்கர் | 30 ஜூலை, மாலை 5.30

சொல்லியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி விசேஷத்தன்று கவனிக்க வேண்டியது.

மோதிரத்தைத் தனியாகவும் மொய்யைத் தனியாகவும் கொடுத்தால் மைக்கில் 6,001 மட்டும் வாசிப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அண்ணியின் சொந்தக்காரர்கள் காதில் விழுவது அது மட்டும்தான். அதனால் மொய் மேசையில் உட்காருபவரிடம் முன்பே சொல்லி, ஒரே பதிவாக எழுத வையுங்கள்: "சித்தப்பா, மோதிரம் இரண்டு, எடை 4 கிராம், ரொக்கம் 6,001." வாசிக்கும்போது மோதிரம் முதலில் வரட்டும். கிராமை எழுதச் சொல்ல மறக்காதீர்கள். "மோதிரம் 2" என்று மட்டும் இருந்தால் பிற்காலத்தில் ஒரு கிராமா இரண்டு கிராமா என்று யாருக்கும் தெரியாது. உங்கள் கல்யாண நோட்டில் நடந்ததும் இதே குறைதான்.

இப்போது பல ஊரில் கணினியில் மொய் எழுதி அங்கேயே ரசீது தருகிறார்கள். அதில் தொகைக்கு ஒரு கட்டம் இருக்கும், நகைக்குத் தனியாக இருக்காது. குறிப்பு என்ற இடத்தில் போடச் சொல்லி, ரசீதை வாங்கிப் பார்த்துவிட்டு நகருங்கள்.

கூட்டம் சேர்ந்த பிறகு எழுதாதீர்கள். மாமன் சீர் உள்ளே வந்து, மைக்கில் பெரிய தொகைகள் ஓடிக்கொண்டிருக்கும்போது உங்களுடையது இடையில் வந்தால் சின்னதாகத் தெரியும். காலையில் மேசை போட்டதும் முதல் நான்கைந்து பெயருக்குள் எழுதிவிடுங்கள். பங்காளி முன்னதாக எழுதினால் யாருக்கும் வித்தியாசமாகத் தோன்றாது.

---

தோட்டத்துப் பிள்ளை | 30 ஜூலை, இரவு 8.45

தட்டு எடுத்துட்டுப் போறது உண்டா? எங்க பக்கம் சபையில தொகைய விடத் தட்டத்தான் எண்ணுவாங்க.

---

அரசி அக்கா | 30 ஜூலை, இரவு 9.00

இது நல்ல யோசனை, பிள்ளை. கண்ணுக்குத் தெரிவது தட்டுதான். பழம், பூ, வெற்றிலை பாக்கு, கற்கண்டு, பிள்ளைகளுக்குத் துணி என்று ஐந்தோ ஏழோ தட்டு பங்காளி வீட்டுப் பெண்கள் வரிசையாக எடுத்து வந்தால் சபை நிறையும். மாமன் தட்டின் எண்ணிக்கையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அண்ணன் கவலைப்பட்டது தன் பக்கம் வெறிச்சோடித் தெரியக்கூடாது என்றுதானே. அதற்கு அறுபத்தைந்தாயிரம் தேவையில்லை.

---

ஊர்க்குருவி | 31 ஜூலை, காலை 9.10

மோதிரம், தட்டு, மேசையில முன்கூட்டியே சொல்றது... இதுக்கு ஒரு லட்சமே கொடுத்துடலாம் போல. :)

---

சின்னவன் | 3 ஆகஸ்ட், இரவு 8.20

இன்று நேரில் போய் அண்ணனிடம் பேசினேன். அரசி அக்கா சொன்ன வரிசையிலேயே சொன்னேன், பழைய மோதிரத்தைப் பற்றிய வரியை மட்டும் விட்டுவிட்டேன். அண்ணன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு "மண்டபத்தைக் கோவில் மண்டபமா மாத்திக்கலாம்னு நானும் நினைச்சேன்" என்றார். ஒரு லட்சம் என்ற பேச்சே வரவில்லை. வெளியே வரும்போது, "சமையலுக்கு நீ நின்னுக்க" என்றார். அண்ணி காப்பி கொடுத்தார், அதிகம் பேசவில்லை. அது கோபமா, வேலைக் களைப்பா என்று தெரியவில்லை.

ஒரு சந்தேகம் மீதி இருக்கிறது. 2015இல் கல்யாணத்தை நடத்தியது அப்பா. நோட்டும் அப்பா பெயரில்தான். என் தம்பியும் நானும் பாகம் பிரித்தாகிவிட்டது. அந்த 10,001இல் தம்பிக்கும் பங்கு உண்டா? அவனும் தனியாக எழுத வேண்டுமா?

---

மொய்க்கணக்கர் | 3 ஆகஸ்ட், இரவு 9.00

பொதுவான முறை, யார் விசேஷத்தில் வந்த மொய்யோ அவர்தான் திருப்ப வேண்டும். உங்கள் கல்யாண மொய் உங்களுடையது, மோதிரமும் உங்கள் விரலுக்குப் போட்டது. தம்பி கல்யாணத்தில் அண்ணன் எழுதியது தம்பியுடையது. அப்பா வீட்டுப் பொது விசேஷம் ஏதாவது இருந்தால் அதில் வந்ததைப் பாகம் பிரிக்கும்போதே யாருக்கு என்று எழுதியிருக்க வேண்டும். பலர் நிலத்தைப் பிரிப்பார்கள், நோட்டைப் பிரிக்க மாட்டார்கள்.

தம்பி தனியாக எழுத வேண்டும். எவ்வளவு என்பதை நீங்கள் இருவரும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். நீங்கள் அண்ணனிடம் தொகையைச் சொல்லிவிட்டீர்கள். தம்பி அன்று வந்து ஐம்பதாயிரம் என்று வைத்தால் நீங்கள் சொன்னதெல்லாம் வேறு மாதிரி தெரியும்.

---

கீரமங்கலத்தான் | 3 ஆகஸ்ட், இரவு 9.35

அதில் எனக்கு உடன்பாடு இல்லை. தம்பியிடம் பணம் இருந்து, செய்ய ஆசையும் இருந்தால் அவனை ஏன் தடுக்க வேண்டும்? அவனுக்கு நாலு விசேஷம் வரப்போகிறது என்றால் அது அவன் கணக்கு.

---

அரசி அக்கா | 4 ஆகஸ்ட், காலை 6.40

தடுக்க வேண்டாம், தெரிந்துகொண்டால் போதும். தம்பி அதிகம் செய்வதாக இருந்தால் அண்ணனிடம் அதையும் தம்பியே முன்கூட்டிச் சொல்லிவிடட்டும்.

அண்ணி விஷயத்துக்கு: வருகிற வாரம் உங்கள் மனைவி அண்ணிக்குப் போன் போட்டு, பிள்ளைகளின் விரல் அளவைக் கேட்கட்டும். மோதிரம் வாங்க எப்படியும் அளவு வேண்டும். வளரும் பிள்ளைகள், அளவைவிடக் கொஞ்சம் பெரிதாக எடுத்து நூல் சுற்றிப் போடலாமா என்றும் கேட்கட்டும். தொகையைப் பற்றி அவர் எடுத்தால், "அவங்க அண்ணன் தம்பி பேசிக்கிட்டாங்கக்கா" என்று சொல்லிவிட்டு மறுபடி அளவுக்கு வந்துவிட வேண்டும்.

---

சின்னவன் | 4 ஆகஸ்ட், காலை 7.15

சரி அக்கா. தம்பியிடம் இன்று பேசுகிறேன். மொய் மேசையில் யார் உட்காருகிறார் என்று இன்னும் முடிவாகவில்லையாம், அதையும் கேட்டு வைக்கிறேன்.